ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு வீடு

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. தாம்பரத்தில் வீட்டுத் தரகு செய்பவர் ஒருவர் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் அடிக்கிறது. “சார், நாளைக்கு பதினொரு மணிக்கு முடிச்சூர் மனையைப் பாத்துடலாமா?” வண்டியை ஓரங்கட்டியவர் யோசிக்காமல் “வாங்க சார், பாத்துடலாம்” என்கிறார். அதே ஞாயிறு பதினொன்றரைக்குச் சேலையூரில் ஒரு குடும்பத்துக்கு அடுக்குமாடி வீடு காட்டுவதாக வெள்ளிக்கிழமையே வாக்குக் கொடுத்திருந்தார். பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் இடையே அரை மணி இருக்கிறதே என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

கணக்கு தவறியது நேரத்தில் அல்ல, ஊரில். முடிச்சூர் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறது, சேலையூர் கிழக்கே. நடுவில் ஜி.எஸ்.டி. சாலை. தூரம் அதிகமில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர அரை மணி பிடித்தால் ஆச்சரியமில்லை. அதோடு, மனை பார்க்க வருகிறவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட மாட்டார். எல்லைக் கல்லைத் தேடுவார், சாலை அகலத்தைக் கேட்பார், மழையில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்.

ஒரே நேரத்தில் இருவருக்கு வாக்குக் கொடுப்பது என்றால், டைரியில் ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் எழுதுவது என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி எழுதுகிறவர் அரிது. டைரியில் ஏறாத பயண நேரமும், டைரியைப் பார்க்காமல் போனில் சொன்ன “சரி”யும்தான் பெரும்பாலான மோதல்களுக்குக் காரணம். அதனால் வார அட்டவணையை மணியிலிருந்து தொடங்காமல் திசையிலிருந்து தொடங்குவது நல்லது. சனிக்கிழமை மேற்கு என்றால் முடிச்சூர், பெருங்களத்தூர். ஞாயிறு காலை கிழக்கு என்றால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என ஒரே சாலையில் அடுத்தடுத்து. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் தொட வேண்டி வந்தால், நடுவில் சாப்பாட்டு நேரத்தைப் போட்டுக் கடக்கலாம்.

அடுத்தது ஒரு பார்வைக்கு எவ்வளவு நேரம் என்பது. வாடகை வீடு என்றால் இருபது நிமிடம் போதும். விலைக்கு வாங்குகிறவர்கள் முக்கால் மணி எடுப்பார்கள். மொட்டை மாடி, போர் தண்ணீர், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அதே குடும்பம் இரண்டாம் முறை வரும்போது அப்பா, அம்மா, மாமனார், வாஸ்து பார்ப்பவர் என்று நான்கைந்து பேராக வருவார்கள். அதற்கு ஒன்றேகால் மணி ஒதுக்காத தரகர் அடுத்த வாடிக்கையாளரை வெயிலில் நிறுத்துவார்.

ஒரு பார்வைக்கு வாடிக்கையாளர், தரகர் என்று இரண்டு பேர் இருந்தால் போதாது. சாவி வைத்திருப்பவர் மூன்றாவது ஆள். வீட்டில் இன்னும் குடித்தனக்காரர் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கும், அவர் பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போயிருப்பார். அதனால் டைரியில் இரண்டு நிலை இருப்பது நல்லது. வாடிக்கையாளர் நேரம் கேட்டதும் பென்சிலில் எழுதலாம். சாவிக்காரர் “சரி” சொன்ன பிறகே பேனாவால் எழுத வேண்டும். செல்போன் காலண்டரில் வைப்பவர்கள் இதற்கு இரண்டு நிறங்களைப் பயன்படுத்தலாம். வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் வருவதையும் இதே டைரியில்தான் எழுத வேண்டும், அவருக்கும் அதே சாவிதான் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. ராகு காலத்தில் வீடு பார்க்கப் பலர் மாட்டார்கள், முன்பணம் கொடுக்கவே மாட்டார்கள். சனிக்கிழமை அது 9 முதல் 10.30 வரை. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே அந்த இரண்டு நாளில்தான் என்பதால், இந்த மூன்று மணி நேரத்தைத் தெரியாமல் ஒதுக்கிவிட்டால் கடைசி நேரத்தில் “வேற டைம் பாக்கலாமா?” என்று போன் வரும், மொத்த வரிசையும் கலையும். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தரகர் அந்த நேரத்தைப் பயணத்துக்கும் போனுக்கும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கப் பலர் தயங்குவதால் அன்று பார்வைகள் குறையும். காகித வேலைக்கு அதுவே ஏற்ற நாள். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, பட்டாவில் இருக்கும் பெயரைப் பத்திரத்தோடு ஒப்பிடுவது, தாய்ப் பத்திரத்தின் நகலை வக்கீலிடம் கொடுப்பது எல்லாவற்றையும் அன்று காலை ஒரே மூச்சில் முடிக்கலாம். பார்வைகளுக்கு இடையே கிடைக்கும் கால் மணியில் டீக்கடையில் உட்கார்ந்து சர்வே எண்ணைச் சரிபார்ப்பது ஆபத்து. ஓர் உட்பிரிவு எண் மாறினாலும் அது வேறு நிலம்.

பத்திரப்பதிவு நாள் தனி ரகம். பதிவுத்துறையின் இணையதளத்தில் டோக்கன் எடுத்துத்தான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 100 டோக்கன் என்பது வழக்கம். முகூர்த்த நாட்களில் அதை 150 ஆக உயர்த்தி அரசு அறிவிப்பதுண்டு. கூட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சான்று. டோக்கனில் பதினொரு மணி என்று இருக்கலாம். விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் இருவர் என எல்லோரும் அடையாள அட்டையோடு வந்து, விரல் ரேகையும் படமும் எடுத்து முடிய மதியம் தாண்டிவிடலாம். அந்த நாளில் மூன்று மணிக்கு முன் வேறு யாருக்கும் நேரம் கொடுக்கக் கூடாது. ஆடியில் ஒத்திப்போட்டவர்கள் எல்லாம் ஆவணியில் ஒன்றாக வருவார்கள் என்பதால், அந்த மாதத்தில் பதிவு நாட்களை முதலில் குறித்துவிட்டுப் பார்வைகளைச் சுற்றி வைப்பதே சரி.

போனுக்குக் காலை எட்டு முதல் ஒன்பது, இரவு எட்டரை முதல் ஒன்பதரை என்று இரண்டு வேளை போதும். காலை நேரத்தில் அன்றைய வாடிக்கையாளர், சாவிக்காரர் எல்லோரையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளலாம். நடுவில் வரும் அழைப்பை எடுக்கலாம், ஆனால் நேரம் கொடுக்கக் கூடாது. “டைரியைப் பாத்துட்டு பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன் சார்” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தாம்பரம் தரகருக்கே திரும்புவோம். அவர் இப்படிச் சொல்லிவிட்டு டைரியைத் திறந்திருந்தால் ஞாயிறு காலை முழுக்கக் கிழக்கு என்பது தெரிந்திருக்கும். செம்பாக்கம் ஒன்பதரை, ராஜகீழ்ப்பாக்கம் பத்தரை, சேலையூர் பதினொன்றரை. பன்னிரண்டேகாலுக்கு அங்கே முடித்துச் சாப்பிட்டு மேற்கே கடந்தால், முடிச்சூர் மனைக்கு மூன்று மணி கொடுக்கலாம். ராகு காலத்துக்கு முன்பே அது முடிந்தும்விடும். மூன்று மணி ஒத்துவரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை பதினொரு மணி, மேற்குக்கான நாள்.

அட்டவணை சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. நாளின் முதல் பார்வைக்கு நேரத்துக்குப் போய், மூன்றாவதற்கு வாரந்தோறும் தாமதமாகிறது என்றால் பார்வை நேரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார் என்று பொருள். அப்போது வேகமாக வண்டி ஓட்டுவதைவிட ஒரு பார்வையைக் குறைப்பதே மேல்.

வேண்டுமென்றே ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பங்களை ஒரே நேரத்தில் வரவழைக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். போட்டி இருப்பதைக் காட்டினால் சீக்கிரம் முன்பணம் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். வாழ்நாள் சேமிப்பைப் போட வருகிறவரை அவசரப்படுத்துவது தவறு.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. எத்தனை பேர் வருகிறீர்கள், முதல் முறையா இரண்டாம் முறையா என்பதை நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வர முடியாவிட்டால் முந்தின இரவே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த நேரத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம்.