இன்ஃப்ளூயன்சரிடம் எதைச் சொல்வது, எதை அவரிடமே விடுவது

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டி விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, கோவை, சென்னை, பெங்களூரு வரை பார்சலில் அனுப்புகிறார். விளம்பரத்துக்கென்று அவரால் ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். இந்தத் தொகைக்குப் பெரிய யூட்யூபர்கள் யாரும் வரமாட்டார்கள். பொதுவாக 10,000 முதல் ஒரு லட்சம் ஃபாலோயர் வரை உள்ளவர்களை மைக்ரோ இன்ஃப்ளூயன்சர் என்பார்கள். இவருக்குப் பொருந்துவது அந்த வட்டம்தான். அங்கே யாரைப் பிடிப்பது, பிடித்தபின் என்ன எழுதிக் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளில், பலரும் முதல் கேள்வியை ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்தே முடித்துவிடுகிறார்கள். பணம் வீணாகத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

அவர் முன் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 62,000 ஃபாலோயர். சேலை, ஹோட்டல், வீட்டு அலங்காரம், நடுநடுவே சமையல் என்று எல்லாம் போடுகிறார். இன்னொருவருக்கு 14,000 ஃபாலோயர்தான். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று அடுப்படியை விட்டு நகர்வதில்லை. இருவரின் கடைசி பத்துப் பன்னிரண்டு ரீல்களைத் திறந்து கமெண்டுகளை மட்டும் வாசியுங்கள். முதலாமவரிடம் ‘சூப்பர் அக்கா’, ‘செம’, நெருப்புப் படங்கள். இரண்டாமவரிடம் ‘வெந்தயம் வறுத்துப் போடணுமா?’, ‘இந்தப் புளி எந்தக் கடையில வாங்குனீங்க?’ என்று கேள்விகள். அதற்கெல்லாம் அவர் பதிலும் எழுதியிருக்கிறார். எந்தக் கடை என்று கேட்பவர் வாங்கத் தயாராக இருப்பவர். நமக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

அடுத்து, அவர் ஏற்கெனவே காசு வாங்கிப் போட்ட ரீல்களைத் தேடிப் பாருங்கள். வழக்கமான ரீல்களில் இருக்கும் பேச்சு அங்கேயும் இருக்கிறதா, அல்லது கமெண்ட் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறதா? மூன்று ரீலுக்கு ஒன்று விளம்பரம் என்றால் பார்வையாளர்கள் தள்ளிவிட்டுப் போகப் பழகியிருப்பார்கள். போன மாதம்தான் வேறு ஒரு ரீஃபைண்டு எண்ணெயைப் புகழ்ந்தார் என்றால், நம் எண்ணெயைப் பற்றி அவர் சொல்வதை யார் நம்புவார்கள்?

பார்வை எண்ணிக்கையைக் கணக்கிடும்போது, வைரலான ஒரு ரீலை வைத்து மயங்கக்கூடாது. கடைசிப் பன்னிரண்டு ரீல்களின் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் வரும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டால் நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஓரளவு சொல்லலாம். கூடவே, இன்சைட்ஸ் பக்கத்தில் பார்வையாளர்களின் ஊரும் வயதும் தெரியும். அதை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காகக் கேளுங்கள். படத்தை மாற்றித் திருத்துவது சுலபம், நகரும் திரையைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை. தமிழ்ச் சமையல் பக்கங்களுக்கு மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளிலிருந்தும் பார்வையாளர்கள் உண்டு. நம்மால் பார்சல் அனுப்ப முடியாத ஊர்களில்தான் பாதிப் பேர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நமக்கானவர் இல்லை.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒப்பந்தம் பேச வேண்டாம். ஒரு லிட்டர் எண்ணெயை அனுப்பி, பத்து நாள் வீட்டில் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையோடு கொடுங்கள். செக்கு எண்ணெயின் மணமும் அடர்த்தியும் எல்லோருக்கும் ஒத்துவராது. பிடிக்காதவரைப் பேச வைத்தால் அது குரலில் தெரிந்துவிடும்.

பிடித்திருக்கிறது என்றால் அப்போது பிரீஃப் எழுதலாம். ஒரு பக்கம் போதும். அதில் கட்டாயம் இருக்கவேண்டியது பொருளின் உண்மைகள். எள் எங்கே வாங்குகிறோம், கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம், ஆட்டியபின் எத்தனை நாள் தெளிய விடுகிறோம், என்ன விலை, பார்சல் கட்டணம் தனியா, எத்தனை நாளில் போய்ச் சேரும். இவற்றோடு, விற்பவர்கள் சொல்லத் தயங்கும் விஷயங்களையும் எழுதுங்கள். பாட்டிலின் அடியில் கொஞ்சம் கசடு தங்கும். கடாயில் காய்ச்சும்போது நுரைக்கலாம். நிறம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. ரீல் வந்த அன்று மாலையே கமெண்டில் வரப்போகும் கேள்விகள் இவைதான். பதில் அவர் கையில் இல்லாவிட்டால் ‘கலப்படமோ?’ என்ற சந்தேகம் அங்கேயே வளர்ந்துவிடும்.

உண்மைகள் எத்தனை இருந்தாலும், பார்ப்பவர் மனதில் நிற்கவேண்டிய செய்தி ஒன்றுதான் என்று முடிவுசெய்து எழுதுங்கள். இந்த எண்ணெய்க்கு நான் தேர்ந்தெடுப்பது, ‘வத்தக்குழம்பில் ஊற்றினால் மணம் மாறுவது தெரியும்’ என்பதை. விலை, பாரம்பரியம், விவசாயி, உடல்நலம், மாடு சுற்றும் செக்கு என்று ஐந்தாறு செய்திகளை ஒரு நிமிட ரீலில் திணித்தால் எதுவும் நிற்காது.

பிரீஃபின் அடுத்த பகுதி சொல்லக்கூடாதவை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘கொலஸ்ட்ரால் குறையும்’, ‘சுகர் கட்டுப்படும்’, ‘மூட்டு வலி போகும்’ என்று எண்ணெயைப் பற்றிப் பேசுவது நம்மூரில் சகஜம். ஆனால் உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. ‘இயற்கை’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களுக்கும் அதே விதிமுறைகளில் நிபந்தனைகள் உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அது பொருளை விற்பவரோடு நிற்காமல் பரிந்துரைத்தவரையும் தொடும். அவர் முன்கூட்டியே விசாரித்துத்தான் சொன்னார் என்று காட்ட முடிந்தால் தப்பிக்க வழியுண்டு. நாம் எழுதிக் கொடுக்கும் உண்மைப் பட்டியல் அவருக்கும் காப்பு என்று சொல்வது இதனால்தான். ‘கடையில விக்கிற எண்ணெய் எல்லாம் விஷம்’ என்று அடுத்தவர் பொருளை இழிவுபடுத்துவதையும் இதே பகுதியில் எழுதித் தடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, இது விளம்பரம் என்ற அறிவிப்பு. இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் இன்ஃப்ளூயன்சர் நெறிமுறைகள் 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளன. பணம் கொடுத்தால் மட்டுமல்ல, இலவசமாக எண்ணெய் கொடுத்திருந்தாலும் அறிவிக்கவேண்டும். அறிவிப்பு கேப்ஷனின் கடைசியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கக்கூடாது. பார்ப்பவர் ‘more’ அழுத்தாமலே கண்ணில் படவேண்டும். 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் உள்ள வீடியோவில், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது அது திரையில் நிற்கவேண்டும். 60 விநாடி ரீல் என்றால் 20 விநாடி. ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே போடலாம். போட்டால் பார்வை குறையும் என்று சிலர் கெஞ்சுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தெரியவந்தால் இழப்பது அவர் மேல் இருந்த நம்பிக்கை, அதைத்தான் நாம் விலைகொடுத்து வாங்குகிறோம்.

மீதி நடைமுறை விஷயங்களை இரண்டு வரியில் முடிக்கலாம்: எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, எந்தத் தேதி, முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் அவர் ரீலை நம் பக்கத்தில் போடலாம், காசு கட்டி பூஸ்ட் செய்யலாமா, எத்தனை வாரம் வேறு எண்ணெயைப் பற்றிப் பேசக்கூடாது.

இனி நாம் தொடக்கூடாத பகுதி. என்ன சமைப்பது, எந்த வார்த்தையில் சொல்வது, எண்ணெய் எந்த விநாடியில் வருவது, எங்கே கேமரா வைப்பது எல்லாம் அவருடையது. விற்பவர் எழுதிக் கொடுக்கும் வசனம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘எங்கள் மரச்செக்கு நல்லெண்ணெய் முன்னோர் முறையில் தயாரிக்கப்பட்டு, தரம் மாறாமல் உங்கள் இல்லம் தேடி வருகிறது.’ வழக்கமாக அவர் பேசுவது இப்படி: ‘எண்ணெ பிரிஞ்சு மேல வந்திருச்சு பாருங்க, இதான் பதம், இப்ப இறக்கிருங்க.’ முதல் வாக்கியத்தை அவர் வாயில் வைத்தால், தினமும் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது விநாடியிலேயே தெரிந்துவிடும்.

வசனத்துக்குப் பதிலாகக் கேள்வி எழுதிக் கொடுங்கள். ‘பத்து நாளில் எந்தச் சமையலில் வித்தியாசம் தெரிந்தது? எதற்கு இது ஒத்துவரவில்லை?’ இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தைரியம் வேண்டும். ‘பூரி பொரிக்க நான் இதை ஊத்த மாட்டேன், விலை கட்டுப்படியாகாது, குழம்புக்கும் இட்லிப்பொடிக்கும் மட்டும்தான்’ என்று அவர் சொன்னால் அதை வெட்டாதீர்கள். எதற்கு வாங்குவது என்று தெளிவாகத் தெரிந்து வருபவர்தான் ஏமாற்றமில்லாமல் திரும்பவும் வருவார்.

ரீலை வெளியிடுவதற்கு முன் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். திருத்தமும் ஒரே ஒருமுறைதான் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் அனுப்புமுன், இது தவறா, அல்லது நான் வேறுமாதிரி சொல்லியிருப்பேன் என்பதாலா என்று யோசியுங்கள். விலை தவறாக இருந்தால், ‘விளம்பரம்’ என்ற சொல் ஐந்தே விநாடியில் மறைந்தால், நோய் பற்றி ஒரு வார்த்தை நுழைந்திருந்தால் திருத்தவேண்டும். பாட்டில் லேபிள் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதற்காக மறுபடி எடுக்கச் சொல்லவேண்டாம்.

பலனை எப்படிப் பார்ப்பது? அவருக்கென்று தனி கூப்பன் கோடு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வருபவரிடம் ‘எங்கே பார்த்தீங்க?’ என்று கேட்டுக் குறித்துவையுங்கள், ஏனென்றால் பலர் கோடு போட மறந்துவிடுவார்கள். ஒரு ரீல், இரண்டு ஸ்டோரிக்கு 9,000 ரூபாய் கொடுத்து 40 பேர் ஆளுக்கொரு லிட்டர் வாங்கினார்கள், லிட்டருக்கு 80 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 3,200 ரூபாய்தான் திரும்பியது, 5,800 நஷ்டம். ஆனால் அந்த 40 பேரில் 16 பேர் மாதம் ஒரு லிட்டர் வாங்கத் தொடங்கினால் மாதம் 1,280 வரும். ஐந்தாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஒரு லிட்டர் தீர ஒரு மாதம் ஆகும் பொருளுக்கு ஒரு வாரத்தில் கணக்கை மூடினால் நல்ல ஆளைத் தவறவிடுவோம்.

அதனால் மீதி 6,000 ரூபாயை உடனே வேறொருவருக்குக் கொடுக்காமல் ஆறு வாரம் வைத்திருங்கள். திரும்பி வருபவர்கள் இருந்தால் அதே ஆளிடம் ஒரு ஸ்டோரித் தொடருக்குக் கொடுக்கலாம். 40 பேர் வாங்கி, மூன்றே பேர் திரும்பினால், அடுத்த ஆளைத் தேடுவதற்கு முன் வராத சிலருக்கு ஃபோன் போட்டு, எண்ணெய் எப்படி இருந்தது, ரீலில் பார்த்தபோது என்ன எதிர்பார்த்தார்கள் என்று கேளுங்கள். கோளாறு எண்ணெயிலா, நாம் எழுதிக் கொடுத்த பிரீஃபிலா என்று அவர்கள் பதிலிலிருந்து தெரியும்.