உஷார்! 'ஐஎல்ட்ஸ்தானே' என்று பணம் கட்டிவிடாதீர்கள்

மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை பார்த்து முடித்திருக்கும் மதுக்கரை வீடுகளுக்கு அவசரமாக ஒன்று. பிரிட்டனில் இருக்கும் கணவரிடம் போக முதல் விசா கேட்கும் பெண், ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். 2010 நவம்பரில் வந்த விதி இது. பேசுவதும் கேட்பதும் மட்டும்தான். எளிய தேர்வு. கண்ணி இருப்பது தேர்வின் பெயரில்.

ஒரு பெண் மேல்படிப்புக்காக எழுதிய சாதாரண ஐஎல்ட்ஸில் ஏழு வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை விசாவுக்கு வைத்தால் செல்லாது. பிரிட்டன் உள்துறை அங்கீகரித்த மையத்தில், அது ஏற்ற வகைத் தேர்வாக எழுதியிருக்க வேண்டும். மதிப்பெண் எவ்வளவு உயர்ந்ததென்று யாரும் பார்க்கமாட்டார்கள். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. ஆகவே பதிவு செய்யும் திரையில் IELTS Life Skills A1 என்றோ IELTS for UKVI என்றோ இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். வேறு நிறுவனத் தேர்வென்றால் GOV.UK தளத்தின் பட்டியலில் அந்தத் தேர்வும் மையமும் இருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஆயுள் இரண்டே வருடம்.

"பரீட்சையெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க, வீட்லயே எழுதிக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டிலிருந்து எழுதும் தேர்வு இந்த விசாவுக்குச் செல்லாது. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் பத்து வருடம் வரை அந்த நாட்டுக்குள் போகத் தடை விழலாம். குடும்பமே பிரிந்து கிடக்கும்.

தேர்வறையிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 தேர்வு 16 முதல் 18 நிமிடம். பக்கத்தில் இன்னொரு தேர்வரும் உட்கார்ந்திருப்பார். பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பேச வேண்டும். கோச்சிங்கில் உருப்போட்ட 'மை நேம் இஸ்' பத்தி அங்கே உதவாது. பதில் மட்டும் பழகிய பெண்ணுக்கு 'வேர் டூ யூ ஷாப்?' என்று கேட்க வாய் வராது, தடுமாறுவது அங்கேதான். இரண்டு ஒலிப்பதிவுகளும் உண்டு. கேட்டுவிட்டு வாயால் பதில் சொல்ல வேண்டும். விலை, மணி, கிழமை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போன்ற பேச்சுதான் வரும். தேர்ட்டீன், தேர்ட்டி வித்தியாசம் காதில் பிடிபட வேண்டும். அண்ணியோ தோழியோ எதிரில் உட்கார்ந்து, தினமும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்கட்டும்.

கோவைக் கல்லூரியில் ஆங்கில வழியில் பட்டம் முடித்த பெண்ணுக்குத் தேர்வே தேவைப்படாமல் போகலாம். ஆனால் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. எக்டிஸ் அமைப்பு அதை உறுதிசெய்து தரும் சான்றும் வேண்டும். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.