நீர் கட்டிய சுவர்கள்

துருக்கியின் தென்மேற்கே, தெனிஸ்லி நகருக்குப் பக்கத்தில், ஹியராபோலிஸ் என்ற பழைய ஊரின் இடிபாடுகள் உள்ளன. அந்த ஊர்க்காரர்கள் வேலிக்குக் கல் அடுக்கவில்லையாம். வாய்க்கால் வெட்டி ஊற்றுநீரைத் திருப்பிவிட்டார்கள். நீர் ஓடிய வழியெல்லாம் ஒரே கல்லாகச் சுவர் எழுந்தது என்று ஸ்டிராபோ என்ற கிரேக்கப் புவியியல் அறிஞர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்திருக்கிறார். கட்டுக்கதை போலத்தான் இருக்கும். ஆனால் அப்படி உருவான வாய்க்கால்களை இன்றும் அங்கே பார்க்கலாம். தரையோடு தரையாக ஓடத் தொடங்கிய நீர், தன் அடியிலும் இரு கரையிலும் கல்லைப் படியவிட்டுப் படியவிட்டுத் தானே மேலே ஏறிக்கொண்டது. கடைசியில், ஆள் எழுப்பிய மதில் போன்ற ஒன்றின் உச்சியில் சிறு வாய்க்கால் ஓடியது.

அந்த ஊருக்குக் கீழே உள்ள மலைச்சரிவுதான் பாமுக்கலே. துருக்கி மொழியில் ‘பஞ்சுக் கோட்டை’ என்று பொருள். சமவெளியிலிருந்து 200 மீட்டர் அளவுக்கு உயரும் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று படிப்படியாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் வெளிர்நீல வெந்நீர். 1988இல் யுனெஸ்கோ இதையும் ஹியராபோலிஸையும் சேர்த்து உலக மரபிடமாக அறிவித்தது. இந்தக் கல்லுக்கு டிராவர்டைன் என்று பெயர். ரோமுக்குப் பக்கத்தில் உள்ள திபூர், அதாவது இன்றைய திவோலியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அங்கே ஊற்றுகள் படியவைத்த கல்லை வெட்டித்தான் கொலோசியத்தைக் கட்டினார்கள். நம் ஊர் டைல்ஸ் கடைகளிலும் இந்தப் பெயரில் பலகைகள் விற்கிறார்கள். அவற்றில் தெரியும் சிறு பொத்தல்களை அடைத்து மெருகேற்றித் தருவார்கள். பிறக்கும்போதே அந்தக் கல்லுக்கு வாய்த்த பொத்தல்கள் அவை.

நீர் எப்படிக் கல்லாகிறது? உப்பளம் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் தோன்றும் பதில், வெயிலில் நீர் வற்றுகிறது, கரைந்திருந்தது மிஞ்சுகிறது என்பதே. பாமுக்கலேயில் அதன் பங்கு மிகக் கொஞ்சம். வற்றுவதுதான் காரணமென்றால் அசையாமல் தேங்கிய இடத்தில் கல் வேகமாக வளர வேண்டும். அங்கோ நீர் வழிந்து விழுகிற விளிம்பில்தான் கல் வேகமாக வளர்கிறது.

காரணம் ஒரு வாயு. சுண்ணாம்புக்கல் வெறும் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். லிட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம்தான். காற்றில் உள்ள சிறிதளவு கரியமில வாயுவும் நீரில் கலந்திருந்தால் அது 50 மில்லிகிராம் அளவுக்குக் கூடும். அந்த நீருக்கு மேலே காற்றே இல்லாமல் கரியமில வாயு மட்டும் இருந்தால் 900 மில்லிகிராம்வரை போகும். வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது; அமிலம் கல்லைக் கரைக்கிறது. வாயு வெளியேறிவிட்டால் அமிலமும் போய்விடும். தாங்கியது போனதும் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படிந்துவிடும். வேதியியலில் இதை ஒரே வரியில் இப்படி எழுதுவார்கள்:

CaCO₃ + CO₂ + H₂O ⇌ Ca²⁺ + 2HCO₃⁻

வலப்பக்கம் போனால் கல் கரைகிறது, இடப்பக்கம் திரும்பினால் கல் பிறக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீட்டில், தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரைக் கழற்றிப் பாருங்கள். ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்று நாம் சொல்லும் அந்த வெள்ளை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புதான். நீர் சுடும்போது வாயு பிரிந்து போகிறது, சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்தக் குமிழியில் இருப்பது கரியமில வாயு.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஹீட்டரைப் பார்த்துவிட்டு, வெந்நீர் ஊற்று கல் கட்டுவதற்கும் சூடுதான் காரணம் என்று நினைத்துவிடுவோம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புக்கல்லுக்கு அது நேர்மாறு, நீர் குளிர்ந்தால்தான் கூடுதலாகக் கரையும். ஊற்றுநீர் வெளியே வந்ததும் ஆறத் தொடங்குகிறது. ஆறுகிற நீர் சுண்ணாம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் விட்டுவிடுகிறது. வாயு போகிற வேகத்தின் முன் ஆறுவதால் கிடைக்கும் பிடிப்பு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. சோடா பாட்டிலின் மூடியைத் திறப்பதற்கும் நிலத்தடி நீர் மேலே வருவதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அழுத்தம் குறைகிறது, வாயு பறக்கிறது.

அப்படியானால் பாமுக்கலேயில் சூட்டுக்கு என்ன வேலை? நிலத்தின் ஆழத்தில்தான் அதற்கு வேலை. அங்கே சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டிக்கொண்ட சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து கரியமில வாயு ஏராளமாக வெளிவருகிறது. பிளவுகளின் வழியே ஏறும் வெந்நீர் அதை அள்ளிக்கொண்டு வருகிறது. இந்த வாயுவை ஹியராபோலிஸ் மக்கள் வேறு விதமாகவும் அறிந்திருந்தார்கள். பாதாளத்தின் வாசல் என்று அவர்கள் நம்பிய குகை ஒன்று அங்கே உண்டு. உள்ளே ஓட்டிச் சென்ற காளைகள் சுருண்டு விழுந்து செத்தன. கூடப் போன பூசாரிகள் உயிரோடு திரும்பினார்கள். 2018இல் வெளியான ஆய்வொன்று அந்த இடத்தில் வாயுவை அளந்து பார்த்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கி நிற்கும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் மூக்கைவிடக் காளையின் மூக்கு தாழ இருக்கிறது. காளையைக் கொன்ற அதே வாயுதான் பாறையைக் கரைத்து நீரில் ஏற்றி மேலே கொண்டுவந்து சேர்க்கிறது.

ஊற்றுநீர் ஏறக்குறைய 35 டிகிரி சூட்டில் வருகிறது. ஊற்றுக் கண்ணிலேயே கல் படிவதில்லை. வாயு நிறைந்த நீர் அந்த இடத்தில் இன்னும் அமிலத் தன்மையோடுதான் இருக்கிறது. 300 மீட்டர் அளவுக்கு வாய்க்காலில் ஓடி, வாயுவை இழந்தபடி சரிவின் தலைக்கு வருகிறது. அதற்குள் தாங்க முடியாத அளவுக்குச் சுண்ணாம்பு அதில் மிகுந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் அரை கிராம் கல்லை விட்டுச்செல்வதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 லிட்டர் பாயும் ஊற்று, ஒரு நாளில் நான்கு டன்னுக்கு மேல் கல்லைக் கொட்டிவிடும்.

இவ்வளவு கல்லும் குவியலாகிவிடாமல் தொட்டி தொட்டியாக அமைவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஓடும் வழியில் ஒரு சிறு மேடு, ஒரு கூழாங்கல், ஒரு குச்சி இருந்தால் போதும். அதைத் தாண்டும் நீர் மெல்லிய ஏடாகி வேகமெடுக்கிறது. மெல்லிய ஏட்டிலிருந்து வாயு எளிதில் தப்பிக்கும், கல்லும் அங்கேதான் மிகுதியாகப் படியும். மேடு உயர்கிறது, பின்னால் நீர் தேங்குகிறது, தொட்டி பிறக்கிறது. விளிம்பில் ஓரிடம் தாழ்ந்திருந்தால் நீரெல்லாம் அங்கே பாயும். பாய்கிற இடத்தில் கல் அதிகம் படிந்து அந்தத் தாழ்வு நிரம்பும். உயர்ந்த இடத்தில் நீர் ஏறாது, அது காத்திருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்க்க ஆளில்லாமலேயே தொட்டியின் சுற்றுவிளிம்பு முழுதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இனி குளிர்ந்த நீர். குரோவேஷியாவில் பிளித்விட்சே என்ற இடத்தில் 16 ஏரிகள் படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. ஏரிகளைப் பிரித்து நிற்கும் அணைகள் எல்லாமே நீர் கட்டியவை. உள்ளூரில் அந்தக் கல்லை ‘செத்ரா’ என்கிறார்கள். புவியியலாளர்கள் குளிர்நீர் கட்டும் இத்தகைய பொறைக்கல்லை டூஃபா என்பார்கள். இங்கே வாயு பாதாளத்திலிருந்து வரவில்லை. காட்டு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சுதான் மழைநீரோடு இறங்கிப் பாறையைக் கரைக்கிறது. அந்த மூச்சு பாதாள வாயுவைப் போல அளவில் பெரியதல்ல. அதனால் நீரில் கரைந்த சுண்ணாம்பும் குறைவு, கல்லின் வளர்ச்சியும் மெதுவு; அணைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் உயர்கின்றன. இங்கும் ஊற்றுக் கண்ணில் கல் இல்லை. நீர் ஓடி, விழுந்து, வாயுவை இழந்த பிறகே தொடங்குகிறது.

சூடு இல்லாததால் இங்கே உயிர்கள் வேலையில் சேர்ந்துகொள்கின்றன. அருவி விளிம்பில் பாசிச்செடிகள் மெத்தைபோல் அடர்ந்திருக்கும். அவற்றின் தண்டுகள் நீரைச் சிதறடித்து வாயுவை வெளியேற்றுகின்றன. அவற்றின்மேல் படர்ந்த நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்கின்றன. குரோவேஷியத் தாவரவியலாளர் ஈவோ பெவாலெக் 1920களிலேயே இந்தப் பாசிச்செடிகளின் பங்கை எடுத்துக் காட்டினார். ஒரு பிடியைப் பிடுங்கிப் பார்த்தால் நுனி பச்சை, நடுவில் மணல்போல நறநறவென்று சுண்ணாம்புப் பூச்சு, அடியில் முழுக் கல். அடி கல்லாகக் கல்லாக, நுனி மேலே வளர்ந்து தப்புகிறது. உள்ளே சிக்கிய தண்டு அழுகியதும் நுண்ணிய குழாய் மிஞ்சும். டூஃபா கையில் எடுத்தால் லேசாக இருப்பது அதனால்தான்.

இந்த வேலை எளிதில் நின்றுவிடும். சோப்புத்தூளிலிருந்தும் உரத்திலிருந்தும் கழிவோடு கலந்து வரும் பாஸ்பேட், வளரும் சுண்ணாம்புப் படிகத்தின் முகத்தில் ஒட்டி, அடுத்த அடுக்கு சேரவிடாமல் செய்யும். நீர் தெளிவாகவே தெரியும், கல் மட்டும் வளராது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், ஆய்வாளர்கள் எடைபோட்ட கண்ணாடித் தகட்டை ஓடைக்குள் பொருத்தி வைத்து, சில வாரம் கழித்து எடுத்து, காயவைத்து மறுபடி எடைபோடுகிறார்கள். எடை கூடவில்லை என்றால் அணை வளரவில்லை. வளராத அணையை ஓடுகிற நீரே அரித்துவிடும்.

பாமுக்கலேக்கு வந்த கேடு வேறு வகை. சரிவின் தலையிலேயே ஓட்டல்களைக் கட்டி, ஊற்றுநீரை அவற்றின் நீச்சல் குளங்களுக்குத் திருப்பினார்கள். வெள்ளைப் பாறையின் குறுக்கே சாலை போட்டு வண்டி ஓட்டினார்கள். நீர் வராத தொட்டிகள் பழுப்பேறின. 1990களில் தொடங்கி ஓட்டல்களை இடித்து அகற்றினார்கள். சாலை இருந்த இடத்தில் புதுத் தொட்டிகளை அமைத்து நீரை விட்டார்கள். இப்போது நீரை முறைவைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள். ஓயாமல் நனைந்தால் பாசி பிடித்துக் கல் பச்சையாகிவிடும். இடையில் வெயிலில் காய்ந்தால்தான் புதிதாகப் படிந்தது இறுகி வெளுக்கும். தொலைவிலிருந்து வந்து வறண்ட தொட்டிகளைப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அவை காயும் முறையில் இருக்கும் தொட்டிகள்.

அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஈரச் சரிவு வழுக்கும் என்று பயந்து காலை வைத்தால், பாதத்தில் வரிவரியாக எதுவோ உறுத்தும். குனிந்து பார்த்தால் அவையும் தொட்டிகள்தான். விரல்நகத்தின் அகலம், ஒவ்வொன்றுக்கும் வளைந்த விளிம்பு, விளிம்பு வரை நீர்.