திரும்பிப் போன ஆறு காயில்

கடையில் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது கிழிக்கப்படும் ரிட்டர்ன் ஸ்லிப்பில் பெரும்பாலும் விலை இருக்காது. தேதி, சரக்கின் பெயர், அளவு, எண்ணிக்கை, திருப்பும் காரணம், லாரி ரசீது எண், அனுப்பியவர் கையெழுத்து, இவ்வளவுதான். குடோனில் நிற்கும் பையனுக்கு எத்தனை போனது என்று தெரியும். என்ன விலைக்கு வாங்கியது என்று தெரியாது. அந்த ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு டெபிட் நோட் போடும் கணக்கருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. எண்ணிக்கையை ஸ்லிப்பிலிருந்தும், விலையைக் கொள்முதல் பில்லிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் போடும் டெபிட் நோட் சப்ளையர் பாக்கியைக் குழப்பிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தஞ்சாவூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. கோயம்புத்தூர் மொத்த வியாபாரியிடமிருந்து 2025 ஜூனில் 40 வயர் காயில் வாங்குகிறது. விலைப்பட்டியலில் ஒரு காயில் 2,000 ரூபாய். 10 சதவீதம் தள்ளுபடி போக 1,800. ஆக 40 காயிலுக்கு 72,000 ரூபாய். இரண்டு ஊரும் தமிழ்நாட்டில் இருப்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி, மத்திய வரி 6,480, மாநில வரி 6,480 என்று பாதி பாதியாகப் பிரிகிறது. பில் தொகை 84,960.

பிரித்துப் பார்த்தால் ஆறு காயில் கேட்ட அளவில் இல்லை. 2.5 கேட்ட இடத்தில் 1.5 வந்திருக்கிறது. ஸ்லிப் எழுதி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது டெபிட் நோட். ஆறு காயில், தலா 1,800 வீதம் 10,800 ரூபாய். அதற்கான வரி 1,944. மொத்தம் 12,744. சப்ளையர் கணக்கில் பற்று 12,744. கொள்முதல் திருப்பக் கணக்கில் வரவு 10,800. மத்திய வரி, மாநில வரிக் கணக்குகளில் தலா 972 வரவு. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பணம் நம் புத்தகத்தில் வரவுப் பக்கம் நிற்கிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் பற்று எழுத வேண்டும். டெபிட் நோட் என்ற பெயரே அதற்காகத்தான். இதை எழுதியபின் கொடுக்க வேண்டிய பாக்கி 72,216 ரூபாய்.

விலைப்பட்டியலைப் பார்த்து 2,000 வீதம் போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் வரியோடு 14,160 ஆகிவிடும். கொடுக்காத பணத்தைத் திருப்பிக் கேட்டதாக ஆகும். சப்ளையர் நிச்சயம் மறுப்பார், ஆறு காயிலுக்காக ஒரு நல்ல உறவில் கசப்பு வரும்.

டேலி பிரைமில் `Alt+F5` அழுத்தினால் டெபிட் நோட் திறக்கும். தொகையை அடித்துவிட்டு அவசரமாகச் சேமிக்கிற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எந்த பில்லுக்கு எதிராக என்று மென்பொருள் கேட்கும். அங்கே `Agst Ref` தேர்ந்தெடுத்து, அந்த ஜூன் பில்லின் எண்ணையே கொடுக்க வேண்டும். `On Account` என்று விட்டுவிட்டால் சப்ளையரின் மொத்தப் பாக்கி சரியாகத்தான் இருக்கும், ஆனால் பில் வாரியான பட்டியலில் அந்த பில் முழு 84,960 ஆகவே நிற்கும். பணம் அனுப்புகிறவர் அந்தப் பட்டியலைப் பார்த்து முழுத் தொகையையும் அனுப்பிவிடுவார். அந்த 12,744 எந்த பில்லோடும் சேராமல் மாதக்கணக்கில் தொங்கும்.

பில்லுக்கு ஏற்கெனவே முழுப் பணமும் கொடுத்துவிட்ட பிறகு சரக்கு திரும்பினால்? பதிவு அதேதான். சப்ளையர் கணக்கு மட்டும் பற்றுப் பாக்கியாக மாறும், அதாவது அவர் நமக்குத் தர வேண்டியவர் ஆகிறார். அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதா, பணமாக வாங்குவதா என்பதை அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நாமே நினைத்துக்கொண்டு அடுத்த செக்கில் பிடித்துக்கொள்வது சண்டைக்குத்தான் வழி.

கோயம்புத்தூரில் அந்த ஆறும் இறங்கியதும், ஒரு காயிலின் உறை கிழிந்திருப்பதைக் கண்டு அதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறார் வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு மட்டும் கிரெடிட் நோட் வருகிறது: 9,000 ரூபாய், வரி 1,620, மொத்தம் 10,620. அவர் புத்தகத்தில் கடையின் பாக்கி 74,340. கடைப் புத்தகத்தில் 72,216. வித்தியாசம் 2,124.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் பழைய பில்களை எல்லாம் புரட்ட வேண்டியதில்லை. ஒரு காயிலின் வரி சேர்ந்த விலை 2,124. தகராறு ஒரே ஒரு காயிலில் இருக்கிறது என்று அந்தத் தொகையே சொல்லிவிடுகிறது. இதே சப்ளையரோடு வித்தியாசம் 1,944 என்று வந்திருந்தால், டெபிட் நோட்டில் வரியை விட்டிருக்கலாம் என்று முதலில் தேடலாம். 25,488 என்று வந்தால் பாதியாக்கிப் பாருங்கள்: 12,744. பற்று எழுத வேண்டியதை வரவாக எழுதியிருக்கிறார்கள். கழிய வேண்டிய தொகை கூடியிருக்கிறது, அதனால்தான் இரட்டிப்பு.

மறுக்கப்பட்ட காயிலுக்காகப் பழைய டெபிட் நோட்டைத் திறந்து திருத்துவதைவிட, அதைக் குறிப்பிட்டு 2,124 ரூபாய்க்குத் தனிப் பதிவு போடுவதே நல்லது. காயில் கடைக்கு வந்து சேர்ந்ததும் ஸ்டாக்கிலும் ஒன்று ஏற வேண்டும். ஸ்லிப்பில் ஆறு, கிரெடிட் நோட்டில் ஐந்து, நடுவில் ஒரு பதிவு என்று காகிதங்கள் வரிசையாக இருந்தால், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டாலும் யாரும் நினைவிலிருந்து பதில் சொல்ல வேண்டியிருக்காது. திரும்பிப் போன லாரி வாடகையை சப்ளையர் ஏற்கிறார் என்றால் அதையும் தனியாகவே எழுத வேண்டும். சரக்கின் விலையோடு கலந்தால் ஒரு காயிலின் விலையே தப்பாகத் தெரியும்.

வரி விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் எழுதும் டெபிட் நோட் அவருடைய கணக்குக்கான ஆவணம். திரும்பிய சரக்குக்கான வரியைக் குறைக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவு ஏற்பது சப்ளையர் தரும் கிரெடிட் நோட்டைத்தான். அதை அவர் தன் கணக்கறிக்கையில் காட்டும்போது கடைக்காரரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலிலும் அது வந்து நிற்கும். கடைக்காரர் ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரியில் அந்த அளவைத் திருப்ப வேண்டும். நம் கதையில் அது 1,944 அல்ல, 1,620. டெபிட் நோட்டில் எழுதியதையும் கிரெடிட் நோட்டில் வந்ததையும் மாதாமாதம் ஒப்பிடாத கடையில் இந்த 324 ரூபாய் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஆகவே சரக்கு போன வாரத்திலேயே டெபிட் நோட்டின் நகலோடு ஸ்லிப்பின் நகலையும் சப்ளையருக்கு அனுப்பி, கிரெடிட் நோட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கிரெடிட் நோட்டைக் காட்டி வரியைக் குறைக்க அவருக்கும் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்துகிறதோ அது. 2025 ஜூன் பில்லுக்கு அந்தக் கடைசி நாள் 2026 நவம்பர் 30-ஐத் தாண்டாது.