ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

தமிழில் "கண் வலிக்கிறது" என்றால் ஒன்றா, இரண்டுமா என்று மருத்துவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அரபியின் எழுத்து வழக்கு அந்தக் கேள்விக்கே இடம் வைப்பதில்லை. ஒரு கண் 'ஐன்'. இரண்டு கண் 'ஐனான்'. அதற்கு மேல் போனால் 'உயூன்'. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று தனி எண்ணே அங்கு உண்டு.

நம் 'கள்' போல எல்லாச் சொல்லுக்கும் பொதுவான பன்மை விகுதி இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்துகள் நிலைத்து நிற்க, இடையிலுள்ள உயிரொலிகள் மாறுகின்றன. 'மரழ்' என்றால் நோய், 'அம்ராழ்' நோய்கள். ('ரமழான்' என்று எழுதும்போது வரும் அதே ழ.) வலி 'அலம்', பன்மை 'ஆலாம்'. வீக்கம் 'வரம்', பன்மை 'அவ்ராம்'. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. உடலுறுப்புகளில் பலவற்றுக்கு வேறு அச்சு: இதயம் 'கல்ப்', பன்மை 'குலூப்', வயிறு 'பத்ன்', பன்மை 'புதூன்'. சொற்களைத் தனித்தனியே உருப்போடுவதைவிட இந்த அச்சுகளைப் பிடித்துக்கொள்வது எளிது. ஆனால் பல் அந்த வரிசைக்கு அடங்காது. 'சின்' என்னும் பல், நோய்களின் அச்சையே எடுத்துக்கொண்டு 'அஸ்னான்' ஆகிறது.

அன்றாடத் தொல்லைகள் சிலவற்றுக்கும் தனி அச்சு இருக்கிறது. தலைவலி 'ஸுதாஉ', சளி 'ஸுகாம்', இருமல் 'ஸுஆல்', தலைசுற்றல் 'துவார்'. முதலில் உகரம், நடுவில் நீண்ட ஆகாரம். இவற்றுக்குப் பன்மை தேட வேண்டியதில்லை. "இன்தீ ஸுதாஉ", அதாவது எனக்குத் தலைவலி என்றாலே போதும்.

பேச்சு வழக்கு வேறு. குவைத்திலோ கத்தாரிலோ கடைவாய்ப் பல் ஒன்று வலித்தால் "ழிர்ஸி யிஅவ்விர்னி" என்பார்கள். கண் என்றால் வினைச்சொல் பெண்பாலாக மாறி "உயூனி திஅவ்விர்னி" ஆகும். கவனிக்க வேண்டியது, இங்கே இருமை காணாமல் போய்விடுகிறது. இரண்டு கண்ணையும் பன்மையிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒரு கண்தான் நோகிறது என்றால் ஒருமையில் சொல்லி, வலது என்பதற்கு 'அல்யும்னா', இடது என்பதற்கு 'அல்யுஸ்ரா' சேர்ப்பது நல்லது. ஊசியோ சொட்டு மருந்தோ எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கிறது.

மருத்துவமனைக்குள் வழி தேடுகிறவருக்குப் பன்மை இன்னும் முன்னதாகவே தேவைப்படும். கண் பிரிவின் பலகையில் 'ஐன்' இராது, 'அல்உயூன்' என்றிருக்கும். பல் பிரிவு 'அல்அஸ்னான்', எலும்புப் பிரிவு 'அல்இளாம்'. எலும்பின் ஒருமை 'அள்ம்'. இதயப் பிரிவில் மட்டும் 'அம்ராழ் அல்கல்ப்' என்று நோய்கள் பன்மையாகவும் இதயம் ஒருமையாகவும் நிற்கின்றன.