நாலு மணி நேரம் என்றால் எந்த மணியிலிருந்து?

பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு செயலியில் புதிதாக ஒரு வசதி சேர்க்க வேண்டும்: வாங்கிய டிக்கெட்டைப் பயணியே ரத்து செய்துகொள்வது. என்ன வேண்டும் என்று நிறுவனம் பதினைந்து பக்கத்துக்கு எழுதித் தருகிறது. மென்பொருள் அலுவலகங்களில் இதை பிஆர்டி என்பார்கள். அதை அப்படியே டெவலப்பர்களிடம் கொடுத்தால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் பிசினஸ் அனலிஸ்ட் ஒருவர் உட்கார்ந்து அதை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்: யாருக்கு என்ன வேண்டும், எது இன்னும் தெளிவாகவில்லை, எந்த வேலை யாருக்காகக் காத்திருக்கிறது. நான் செய்துவரும் வேலை இதுதான்.

பதினைந்து பக்கத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். "பேருந்து புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்புவரை பயணி டிக்கெட்டை ரத்து செய்யலாம். பணம் உடனே திருப்பித் தரப்படும். உறுதிப்படுத்தி எஸ்எம்எஸ் அனுப்பப்படும்."

முதல் பிரிவுக்கு யூசர் ஸ்டோரி என்று பெயர். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையிலிருந்து வந்தது. அப்போது சிறு அட்டைகளில் கையால் எழுதினார்கள். இன்று வழக்கத்தில் இருக்கும் வடிவம் இப்படிப் போகும்: "பயணியாகிய நான், பயணம் தடைபட்டால் என் டிக்கெட்டை நானே ரத்து செய்ய வேண்டும், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது." இதன் கீழே, வேலை முடிந்தது என்று எப்படிச் சோதிப்பது என்பதையும் எழுத வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ரத்து பொத்தான் தெரிய வேண்டும், குறைவாக இருந்தால் தெரியக் கூடாது.

இதை எழுதும்போதுதான் பேனா நிற்கிறது. சென்னையில் இரவு 8 மணிக்குக் கிளம்பி நாகர்கோவில் போகும் பேருந்தில், மதுரையில் அதிகாலை 4 மணிக்கு ஏற ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு 'பேருந்து புறப்படும் நேரம்' எது? சென்னை நேரம் என்றால் மாலை 4 மணியோடு கெடு முடிந்துவிடும். மதுரை நேரம் என்றால் நள்ளிரவுவரை ரத்து செய்யலாம். ஆனால் அதற்குள் பேருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்த இருக்கையை வேறு யாருக்கும் விற்பதும் அரிது. நஷ்டம் பயணிக்கா, பேருந்து முதலாளிக்கா என்பதை அந்த ஒரு சொல் தீர்மானிக்கிறது. ஆவணம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சுருக்கி எழுதுபவர் தவறுகிற இடம் இது. தனக்குத் தோன்றியதை வைத்து "சென்னை நேரம்" என்று எழுதிவிடுவார். வாக்கியம் தெளிவாக வந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது, டெவலப்பரும் அப்படியே கட்டிவிடுவார். நடந்தது ஊகம் என்பதே எங்கும் பதிவாகாது. அதனால்தான் திறந்த கேள்விகளுக்கென்று தனி இடம் வைக்கிறோம். கேள்வியை மட்டும் எழுதினால் போதாது. இரண்டு பதில்களையும், ஒவ்வொன்றாலும் என்ன மாறும் என்பதையும், யார் எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "ரத்து நேரம் பற்றித் தெளிவு தேவை" என்று மொட்டையாக எழுதிய கேள்விக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

'உடனே' என்ற சொல்லும் அப்படித்தான். பணத்தைத் திருப்பும் கோரிக்கையை நாம் உடனே அனுப்பலாம். பேமென்ட் கேட்வே, வங்கி வழியாகக் கணக்கில் சேர்வதற்குச் சில நாட்கள் ஆகலாம். பயணிக்கு நாம் எதை வாக்களிக்கிறோம்?

மூன்றாவது பிரிவு சார்புகள். எஸ்எம்எஸ் அனுப்புவது அரை நாள் வேலை போலத் தெரியும். ஆனால் இந்தியாவில் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செய்தியின் வாசகத்தை, டிராய் விதிகளின்படி டிஎல்டி தளத்தில் முன்பே பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத வாசகம் பயணியின் போனுக்குப் போய்ச் சேராது. நிரலை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை. ஆகவே கடைசியில் வரும் இந்த வேலைக்கு முதல் நாளே விண்ணப்பம் போட வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஆவணத்தின் பத்தி எண்ணை ஒவ்வொரு ஸ்டோரிக்கும் எதிரே குறித்துப் பார்ப்பேன். ஸ்டோரியோ கேள்வியோ இல்லாத பத்தி இருந்தால் எதையோ விட்டிருக்கிறேன். பத்தி எண் கிடைக்காத ஸ்டோரி இருந்தால் அது என் கற்பனை. பிறகு 'மட்டும்', 'வரை', 'தவிர' என்ற சொற்களை மூலத்தில் தேடி, அவை சுருக்கத்திலும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். சுருக்கும்போது முதலில் உதிர்வது இவைதான்.

நேரக் கேள்விக்குப் பதில் வரும்வரை அந்த ஸ்டோரியை டெவலப்பர்கள் கையில் எடுக்க மாட்டார்கள். "ஏறும் இடத்தின் நேரம்தான், ஆனால் பேருந்து கிளம்பிய பிறகு பாதிப் பணம் மட்டும்" என்று பதில் வந்தால், ஒரு ஸ்டோரி இரண்டாகப் பிரியும்.