புத்தகத்தைத் திறந்து வைத்த பிறகு என்ன கேட்பது?

வணிகச் சட்டம் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில், பி.காம். மாணவர்களுக்குப் புத்தகம் பார்த்து எழுதும் இன்டர்னல் தேர்வு ஒன்று வைத்தேன். ‘முன்மொழிவை எப்போது திரும்பப் பெறலாம்? விளக்குக’ என்பது முதல் கேள்வி. சில நிமிடங்களில் வகுப்பு மொத்தமும் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டது. திருத்த உட்கார்ந்தால் எல்லா விடைத்தாளிலும் ஒரே பத்தி. கையெழுத்து மட்டும்தான் வேறு. ஒரு மாணவி புத்தகத்தில் இருந்த அச்சுப்பிழையையும் விடாமல் எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, மூடிய புத்தகத்துக்கான கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

பொறியியல் கல்லூரிகளில் இது பழகிய விஷயம். இயந்திர வடிவமைப்புத் தேர்வுக்கு மாணவர்கள் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புத்தகத்தோடு போகிறார்கள். சூத்திரமும் அட்டவணையும் கையில் இருக்கின்றன. இந்தத் தண்டுக்கு, இந்தச் சுமைக்கு எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. கலை, அறிவியல் கல்லூரிப் பாடங்களில் அப்படிக் கேள்வி கேட்க நாம் பழகவில்லை. அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியருக்கு, ஒரே ஒரு கேள்வி எப்படி உருவாகிறது என்று காட்டினால் மற்றவற்றை அவரே செய்துகொள்வார். என் பாடத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

புத்தகம் சொல்வது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 4, 5 ஆகிய இரண்டு பிரிவுகள் கடிதப் போக்குவரத்தைப் பற்றியவை. ஒருவர் ‘விற்கிறேன்’ என்று கடிதம் போடுகிறார். இன்னொருவர் ‘சரி’ என்று பதில் கடிதம் போடுகிறார். அந்தப் பதிலைத் தபாலில் சேர்த்த நொடியிலேயே விற்பவர் கட்டுப்பட்டுவிடுகிறார். வாங்குபவரோ, அந்தக் கடிதம் விற்பவர் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் கட்டுப்படுகிறார். அதுவரை அவர் மனம் மாறலாம். ‘வேண்டாம்’ என்று திரும்பப் பெறும் செய்தியோ, எதிராளிக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை செல்லும். சட்டம் இவ்வளவுதான்.

இதை வைத்து நான் இரண்டாவதாக எழுதிப் பார்த்த கேள்வி இது: ‘ராமன் தன் வீட்டை விற்பதாகக் கடிதம் எழுதுகிறார். சோமு ஏற்றுக் கடிதம் போடுகிறார். ராமன் எதுவரை பின்வாங்கலாம்?’ பெயர்கள் இருப்பதால் இது பயன்பாட்டுக் கேள்வி போலத் தெரியும். ஆனால் சட்டப் புத்தகத்தின் 5ஆம் பிரிவுக்குக் கீழே இருக்கும் உதாரணமே இதுதான். அங்கே ‘ஏ’, ‘பி’ என்று இருக்கிறது, அவ்வளவே. பெயரை மாற்றினால் கேள்வி மாறிவிடாது.

அதனால் எந்தக் கேள்வியை எழுதினாலும் முதலில் ஒரு சோதனை செய்கிறேன். பாடம் தெரியாத, ஆனால் பொருளடக்கம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் புத்தகத்தையும் கேள்வியையும் கொடுத்து ஐந்து நிமிடம் விடுகிறேன். பக்கத்து அறையில் இருக்கும் வேறு துறை ஆசிரியர் போதும். அவர் விரல் வைத்துக் காட்டும் பத்தியே விடையாக இருந்தால் கேள்வியைக் கிழித்துப் போட வேண்டியதுதான். விடைக்கு வேண்டிய பொருள் புத்தகத்தில் இருக்கலாம். விடையே இருக்கக் கூடாது.

கேள்வி உருவான கதை

மூன்றாவது முறை விதியிலிருந்து தொடங்கவில்லை. ஒருவர் எடுக்க வேண்டிய முடிவிலிருந்து தொடங்கினேன். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர், மதுரையில் மசாலாக் கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர். கேள்வி இப்படி அமைந்தது:

திங்களன்று ஈரோட்டுக்காரர், 40 குவிண்டால் விரலி மஞ்சளைக் குறிப்பிட்ட விலைக்குத் தருவதாக ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புகிறார். புதன் பகலில் மதுரைக்காரர் அதைப் படிக்கிறார். அன்று மாலை சந்தையில் விலை ஏறுகிறது. 5 மணிக்கு ஈரோட்டுக்காரர் ‘விற்பதாக இல்லை’ என்று இன்னொரு கடிதம் போடுகிறார். அது தெரியாத மதுரைக்காரர் வியாழன் காலை 11 மணிக்கு ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஸ்பீட் போஸ்டில் சேர்க்கிறார். வெள்ளி காலை 11 மணிக்கு, தன்னிடம் மசாலா கேட்டிருந்த ஓட்டல்காரர் ஆர்டரை ரத்து செய்ததால், ஈரோட்டுக்குப் போன் செய்து ‘மஞ்சள் வேண்டாம்’ என்கிறார். ஈரோட்டுக்காரரின் இரண்டாவது கடிதம் அன்று பிற்பகல் மதுரைக்கு வருகிறது. சனிக்கிழமை மதுரைக்காரரின் ஏற்புக் கடிதம் ஈரோட்டுக்குப் போய்ச் சேருகிறது. அதற்குள் விலை சரிந்துவிட்டது. ‘நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்கு எடுத்தே ஆக வேண்டும்’ என்கிறார் ஈரோட்டுக்காரர்.

(அ) அந்தப் போன் பேச்சே நடக்கவில்லை என்று கொண்டால், சரக்குத் தர மாட்டேன் என்று ஈரோட்டுக்காரர் சொல்ல முடியுமா? (ஆ) போன் பேச்சு நடந்திருக்கிறது. மதுரைக்காரர் மஞ்சளை எடுக்க வேண்டுமா? (இ) வியாழன் 11 மணிக்கு மதுரைக்காரர் கடிதத்துக்குப் பதில் போனிலேயே ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் ‘ஆ’வுக்கு உங்கள் விடை மாறுமா?

முதல் பகுதியில் ஒரு குழி இருக்கிறது. விலகல் கடிதம் புதனன்று போடப்பட்டது, ஏற்புக் கடிதம் வியாழனன்று. முந்தியது வெல்லும் என்று அவசரப்படுபவர் விழுவார். புதன் கடிதம் மதுரைக்காரருக்குத் தெரியவந்தது வெள்ளியன்றுதான். ஈரோட்டுக்காரர் வியாழன் 11 மணிக்கே கட்டுப்பட்டுவிட்டார். ஆகவே அவர் தந்தே ஆக வேண்டும். இரண்டாம் பகுதியில் அதே விதி மறுபக்கம் திரும்புகிறது. ஏற்புக் கடிதம் சேர்ந்தது சனிக்கிழமை. ‘வேண்டாம்’ என்ற போன் வெள்ளிக்கிழமை. மதுரைக்காரர் தப்பிவிடுகிறார். மூன்றாம் பகுதிக்கு 1965ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பான பகவான்தாஸ் கேடியா வழக்கு வேண்டும். போனில் சொல்லும் ஏற்புக்குத் தபால் விதி பொருந்தாது, மறுமுனையில் இருப்பவர் கேட்கும்போதே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது என்றது அந்தத் தீர்ப்பு. அப்படியானால் வெள்ளிக்கிழமைப் போனுக்குப் பயனில்லை. மஞ்சளை எடுத்தே ஆக வேண்டும்.

மூன்று பகுதிக்கும் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. எந்தக் கிழமை எந்த விதியோடு ஒட்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரே ஒரு உண்மையை மாற்றி மறுபடி கேட்கும் ‘இ’ போன்ற பகுதியை எந்தப் பாடத்திலும் சேர்க்கலாம். புரிந்து எழுதியவரையும் குருட்டாம்போக்கில் எழுதியவரையும் அது பிரித்துவிடும்.

மதிப்பெண்ணும் நேரமும்

கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மதிப்பெண் போடும் முறை பழையதாக இருந்தால் மாணவர் பழையபடி பார்த்துத்தான் எழுதுவார். ஒவ்வொரு பகுதிக்கும் 5 மதிப்பெண் என்று வைத்தேன். பொருந்தும் பிரிவைச் சுட்டினால் 1, கிழமையையும் நேரத்தையும் அந்தப் பிரிவோடு சேர்த்துக் காட்டினால் 3, முடிவுக்கு 1. பிரிவை முழுதாகப் பார்த்து எழுதிவிட்டு நிறுத்தியவருக்கு 1 மட்டுமே. காரணம் சரியாகக் காட்டி, முடிவில் சறுக்கியவருக்கு 4. இந்தக் கணக்கை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிட வேண்டும். அப்போதுதான் பிரிவை வரிக்கு வரி எழுதுவதில் லாபமில்லை என்று மாணவருக்குத் தெரியும்.

நேரத்தைத்தான் புதிய ஆசிரியர்கள் தவறாகக் கணக்கிடுகிறார்கள். புத்தகம் இருக்கிறதே என்று கேள்விகளை அதிகமாக்கிவிடுகிறார்கள். ஆனால் புத்தகம் நேரத்தைத் தின்னும். நீங்களே புத்தகத்தோடு உட்கார்ந்து விடையை முழுதாக எழுதிப் பாருங்கள். எனக்கு இந்தக் கேள்விக்கு 13 நிமிடம் பிடித்தது. மாணவருக்கு அதுபோல் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 40 நிமிடம் கொடுக்கிறேன். ஒன்றரை மணி நேரத் தேர்வென்றால் இப்படி இரண்டு கேள்விதான். மிச்சமுள்ள 10 நிமிடம் வாசிக்க.

எந்தப் புத்தகத்தை அனுமதிப்பது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். ‘எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாம்’ என்றால், காசு உள்ளவர் நான்கு புத்தகமும் ஜெராக்ஸ் கட்டும் கொண்டு வருவார். இல்லாதவர் வெறுங்கையோடு வருவார். வேண்டிய பிரிவுகளையும் தீர்ப்பின் சுருக்கத்தையும் இரண்டு பக்கத்தில் அச்சிட்டு எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுவது என் வழக்கம். அதோடு, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே இதே வகையில் ஒரு கேள்வியை வகுப்பில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ‘புத்தகம்தான் இருக்கிறதே’ என்று படிக்காமல் வந்து, தேர்வு அறையில்தான் முதன்முதலாகப் பக்கம் புரட்டுவார்கள்.

விடைத்தாள் சொல்லும் குறை

திருத்தும்போது விடைத்தாள்கள் உங்கள் வினாத்தாளுக்கும் மதிப்பெண் போட்டுவிடும். பலருடைய விடையிலும் ஒரே வாக்கியம் வந்தால், விடை புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. நன்றாகப் படிப்பவர்கள்கூடக் கடைசிக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால் நேரம் போதவில்லை. நன்றாகப் படிப்பவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து எதிரெதிர் முடிவு எழுதியிருந்தால், பெரும்பாலும் நீங்கள் ஏதோ ஒரு தகவலை விட்டிருக்கிறீர்கள். என் முதல் வரைவில் மதுரைக்காரர் போன் செய்த நேரம் இல்லை. ‘பிறகு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அப்படியே போயிருந்தால் இரண்டு விடையும் சரிதான்.

எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க முடியாது. நோயாளி முன்னால் நிற்கும் செவிலியர் அவசர மருந்தின் அளவைப் புத்தகம் புரட்டித் தேட முடியாது. அது மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு மூடிய புத்தகத் தேர்வே சரி. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் கையில் பல்கலைக்கழக வினாத்தாளும் இல்லை; இன்டர்னல்தான் அவர் முயன்று பார்க்கக் கூடிய இடம்.

ஒரு கேள்வி ஒருமுறைக்கு மேல் உதவாது. தேர்வு முடிந்த வாரத்திலேயே அதன் விடை ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடும். அதனால் அடுத்த ஆண்டு அதே மஞ்சள் கதையில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: வெள்ளிக்கிழமைப் போனை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். ஏற்புக் கடிதம் சனிக்கிழமையே சேர்ந்துவிட்டதால், மதுரைக்காரர் இப்போது மாட்டிக்கொள்கிறார். அந்த முறை மூன்று விடைத்தாள்களில் ‘வெள்ளி காலை 11 மணி’ என்று இருந்தது. அச்சுப்பிழையைப் பார்த்து எழுதிய மாணவி நினைவுக்கு வந்தாள்.